இறக்குமதி இன்வாய்ஸ் படத்தைப் படிப்பது எப்படி? எச்எஸ் கோடு, எடை, ஃப்ரைட், மதிப்பு: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கஸ்டம்ஸ் புரோக்கர் அலுவலகத்தில் புதிதாகச் சேருபவரிடம் முதலில் வரும் வேலை பெரும்பாலும் இதுதான். வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ வந்த இன்வாய்ஸ் படத்தைத் திறந்து, இறக்குமதிக்காகக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் பில் ஆஃப் என்ட்ரிக்கான செக்லிஸ்ட்டில் விவரங்களை ஏற்ற வேண்டும். பார்த்து அடிக்கிற வேலைதானே என்று தோன்றும். ஒரே படத்தை இரண்டு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் பாருங்கள், இரண்டு விதமான செக்லிஸ்ட் வரும். தட்டச்சுப் பிழை அதில் கொஞ்சம்தான் இருக்கும். ஒருவர் கமாவைத் தசமப் புள்ளியாக எடுத்திருப்பார், இன்னொருவர் ஆயிரம் பிரிக்கிற குறியாக எடுத்திருப்பார். ஒருவர் நிகர எடையை எழுதிய கட்டத்தில் மற்றவர் மொத்த எடையை எழுதியிருப்பார். ஃப்ரைட், அதாவது சரக்கு கொண்டுவரும் கட்டணம், விலைக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதில் இருவரும் ஆளுக்கொரு முடிவு எடுத்திருப்பார்கள்.

இதற்கு ஒரே ஒரு பழக்கம் போதும் என்பது என் கருத்து. அச்சில் இருப்பதை ஒரு கட்டத்தில் அப்படியே எழுதுங்கள், நாம் புரிந்துகொண்டதைப் பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். இரண்டையும் மனதுக்குள்ளேயே சேர்த்து முடித்துவிட்டு விடையை மட்டும் எழுதினால், அந்த விடை எப்படி வந்தது என்று அடுத்த நாள் உங்களுக்கே தெரியாது.

ஓர் உதாரணத்தை வைத்துக்கொண்டே போவோம். கோயம்புத்தூர் நூற்பாலை ஒன்று இத்தாலியிலிருந்து ஸ்பேர் பார்ட்ஸ் வாங்குகிறது. சரக்கு விமானத்தில் சென்னைக்கு வருகிறது. பாடத்துக்காக நான் அமைத்த இன்வாய்ஸ் இது. விலைகள் கற்பனை, ஆனால் அமைப்பு நீங்கள் தினமும் பார்க்கப்போகும் அமைப்புதான்.

```
8448 33 00  Cursori ISO 60      400 CF  16,50  6.600,00  kg 48,000
8482 10 10  Cuscinetti 6200     250 PZ   4,12  1.030,00  kg  8,000
4010 35 00  Cinghie 1400-8M-30   60 PZ  18,50  1.110,00  kg 15,600
Imballo                                           85,00
Totale EUR                                     8.825,00
Resa: FCA Malpensa
```

முதல் வரி நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ஓடும் டிராவலர் என்ற சின்ன வளையம், இரண்டாவது பேரிங், மூன்றாவது டைமிங் பெல்ட். CF என்றால் பெட்டி, PZ என்றால் எண்ணிக்கை. அதற்குக் கீழே பேக்கிங் செலவு. கடைசி வரி விற்பனை நிபந்தனை.

படத்தை முதலில் சோதியுங்கள்

எண்களுக்குள் இறங்குமுன் படம் முழுசாக இருக்கிறதா என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்பினால் அது படத்தைச் சுருக்கிவிடும். சின்ன எழுத்தில் இருக்கும் 3-உம் 8-உம் ஒன்றுபோலத் தெரிய ஆரம்பிக்கும், 5-உம் 6-உம் அப்படியே. அதே கோப்பை டாக்குமெண்டாக அனுப்பச் சொன்னால் சுருங்காமல் வரும். சப்ளையர் மெயிலில் அனுப்பிய மூல பிடிஎஃப் இறக்குமதியாளரிடம் எப்படியும் இருக்கும், அதைக் கேட்டு வாங்குவதே நல்லது. கண்ணைச் சுருக்கிப் பத்து நிமிஷம் முறைத்துப் பார்ப்பதைவிட ஒரு போன் போடுவது லேசு.

அடுத்தது பக்க எண். அடியில் "1/2" என்று இருந்து உங்களிடம் ஒரு பக்கம் மட்டும் இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். பல பக்க இன்வாய்ஸில் முதல் பக்கத்தின் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் தலையில் கொண்டுபோய் எழுதியிருப்பார்கள். புதியவர்கள் அதை ஒரு பொருள் வரி என்று எண்ணி ஏற்றிவிடுவது உண்டு. கோடும் அளவும் இல்லாமல் தொகை மட்டும் உள்ள வரி எதைப் பார்த்தாலும், இது பொருளா, செலவா, கொண்டுவந்த கூட்டுத்தொகையா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரப்பர் ஸ்டாம்ப் விழுந்து மறைந்த எண்ணை ஊகித்து எழுதாதீர்கள். கட்டத்தில் கேள்விக்குறி போட்டு வையுங்கள். மற்ற எண்களை வைத்து அதைக் கணக்கிட முடிந்தால் கணக்கிடலாம், ஆனால் கணக்கிட்டு எழுதியது என்று பக்கத்தில் குறிப்பு இருக்க வேண்டும்.

இந்தத் தாளில் கமா என்பது என்ன?

இத்தாலி, ஜெர்மனி போன்ற ஐரோப்பிய நாடுகளில் தசமத்துக்குக் கமா, ஆயிரத்துக்குப் புள்ளி. நம் வழக்கத்துக்கு நேர் எதிர். சுவிட்சர்லாந்திலிருந்து வரும் தாளில் ஆயிரத்தைப் பிரிக்க மேற்கோள் குறி மாதிரி ஒன்று இருக்கும். ஆனாலும் நாட்டைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. அதே இத்தாலிக்காரர் ஆங்கிலத்தில் இன்வாய்ஸ் போடும்போது நம் வழக்கத்திலேயே எழுதியிருக்கலாம்.

அதனால் தாளிலேயே சாட்சி தேடுங்கள். புள்ளியும் கமாவும் இரண்டும் உள்ள ஓர் எண்ணைக் கண்டுபிடித்தால் போதும், ஏனென்றால் கடைசியில் வருவதுதான் தசமம். மேலே உள்ள தாளில் `6.600,00` அந்தச் சாட்சி. ஆகவே இந்தத் தாளில் கமா தசமம். இதைச் செக்லிஸ்ட்டின் தலையில் ஒரு வரியாக எழுதிவிட்டு, பிறகு எல்லா எண்களையும் அதே விதிப்படி படியுங்கள்.

இந்த விதி உண்மையிலேயே தேவைப்படும் இடம் எடைதான். `48,000` என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் நம் கண்ணுக்கு அது நாற்பத்தெட்டாயிரம் கிலோ. தாளின் விதிப்படி அது 48 கிலோ, மூன்று தசம இடம் வரை எழுதியிருக்கிறார்கள், அவ்வளவுதான். பொருளை வைத்தும் சரிபார்க்கலாம். டிராவலருக்கு ஐஎஸ்ஓ எண் என்பது ஆயிரம் டிராவலரின் எடை, கிராமில். ஐஎஸ்ஓ 60 என்றால் ஆயிரம் 60 கிராம். பேக்கிங் லிஸ்ட்டில் ஒரு பெட்டிக்கு இரண்டாயிரம் டிராவலர் என்று போட்டிருந்தால் ஒரு பெட்டி 120 கிராம், 400 பெட்டி 48 கிலோ. தாளும் பொருளும் ஒத்துப்போகின்றன. எல்லாப் பொருளுக்கும் இப்படி முடியாதுதான். ஆனால் மில் ஸ்பேர் பார்ட்ஸ் அடிக்கடி பார்ப்பவருக்கு இந்த மாதிரி இரண்டு மூன்று கணக்கு கைவசம் இருந்தால் பெரிய தவறுகள் உள்ளே நுழையாது.

நாணயத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். டாலர் குறியை மட்டும் பார்த்து அமெரிக்க டாலர் என்று எழுதிவிடாதீர்கள். சிங்கப்பூர், ஹாங்காங், ஆஸ்திரேலியா, கனடா எல்லாரும் அதே குறியைத்தான் போடுகிறார்கள். ஜப்பானின் யென்னுக்கும் சீனாவின் யுவானுக்கும் ஒரே குறி. மூன்றெழுத்துக் குறியீடு தாளில் எங்காவது, பெரும்பாலும் வங்கி விவரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அங்கும் இல்லையென்றால் சப்ளையரிடம் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

வரிகளை ஏற்றி, உடனே பெருக்கிப் பாருங்கள்

ஒவ்வொரு வரியிலும் அளவு, அலகு, ஒன்றின் விலை, தொகை என்ற நான்கையும் தாளில் உள்ளபடியே எழுதுங்கள். பிறகு அளவை விலையால் பெருக்கித் தொகையோடு ஒப்பிடுங்கள். விரிதாளில் அளவு D-இலும் விலை E-இலும் தொகை F-இலும் இருந்தால், இப்படி ஒரு சூத்திரம் வைத்துக்கொண்டால் போதும்:

```
=ROUND(D2*E2,2)=F2
```

நம் தாளில் 400 × 16.50 = 6,600.00, 250 × 4.12 = 1,030.00, 60 × 18.50 = 1,110.00. மூன்றும் சேர்ந்து 8,740.00. பேக்கிங் 85.00 சேர்த்தால் 8,825.00, அதுவே தாளின் மொத்தம். எண்ணைத் தவறாகப் படித்திருந்தால் இந்த இரண்டு சோதனையில் பெரும்பாலும் சிக்கிவிடும்.

ஒத்துவராத வரியில் வித்தியாசம் எத்தனை மடங்கு என்று பாருங்கள். சரியாக நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ இருந்து, கமாவையும் புள்ளியையும் சரியாகப் படித்திருந்தால், விலை பெரும்பாலும் நூறு எண்ணிக்கைக்கு அல்லது ஆயிரத்துக்குக் கொடுக்கப்பட்டிருக்கும். ஸ்க்ரூ, வாஷர், டிராவலர் போன்ற சில்லறைப் பொருட்களில் இது சாதாரணம். ஐந்து, பத்து சதவீதம் மாதிரி வித்தியாசம் என்றால் தள்ளுபடிக் கட்டம் ஒன்று நடுவில் இருக்கும், படத்தில் மங்கலாக இருந்து நீங்கள் கவனிக்காமல் விட்டிருக்கலாம். இரண்டும் இல்லையென்றால்தான் எண்ணை மறுபடி பெரிதாக்கிப் பார்க்க வேண்டும்.

தொகை 0,00 என்று உள்ள வரியைப் பார்த்தால் தாண்டிப் போகாதீர்கள். சாம்பிளாகவோ வாரண்டியில் மாற்றுப் பொருளாகவோ இலவசமாக அனுப்பியிருப்பார்கள். பணம் கொடுக்கவில்லை என்றாலும் கஸ்டம்ஸுக்கு அதன் மதிப்பைச் சொல்லியாக வேண்டும். பல சப்ளையர்கள் "கஸ்டம்ஸ் தேவைக்கான மதிப்பு மட்டும்" என்று அடியில் ஒரு தொகை எழுதியிருப்பார்கள். அதை மொத்தத்தோடு கலக்காமல் தனி வரியாக எடுத்து, இலவசம் என்று குறிப்பிட்டு, மேலே உள்ளவரிடம் காட்டுங்கள்.

கோடு: ஆறு இலக்கம் அவர்களுடையது, எட்டு நம்முடையது

பொருளை வகைப்படுத்தும் எச்எஸ் கோட்டின் முதல் ஆறு இலக்கம் உலகம் முழுக்கப் பொது. உலக சுங்க அமைப்பு வகுத்தது அது, இப்போது நடப்பில் உள்ளது 2022 பதிப்பு. ஆறுக்கு மேல் வருவதெல்லாம் அந்தந்த நாட்டின் சொந்த ஏற்பாடு. இத்தாலிக்காரர் எழுதிய எட்டு இலக்கம் ஐரோப்பிய ஒன்றியத்தின் எட்டு. இந்தியாவிலும் எட்டு இலக்கம் என்பதால் அதை அப்படியே தூக்கி நம் கட்டத்தில் போடும் ஆசை வரும். போடக்கூடாது.

பேரிங் வரியைப் பாருங்கள். 8482 10 என்றால் பால் பேரிங், அதுவரை எல்லாருக்கும் ஒன்று. ஐரோப்பியப் பட்டியலில் அடுத்து வரும் 10 என்பதற்கு வெளி விட்டம் 30 மில்லிமீட்டருக்கு மிகாதது என்று பொருள். 6200 பேரிங்குக்கு வெளி விட்டம் சரியாக 30, அதனால் அங்கே 10. இந்தியப் பட்டியல் பால் பேரிங்கை வேறு விதமாகப் பிரிக்கிறது. என்ன வகை பேரிங், உள் துளையின் விட்டம் எவ்வளவு என்பதை வைத்துத்தான் நம் கடைசி இரண்டு இலக்கம் முடிவாகும். 6200-இன் உள் துளை 10 மில்லிமீட்டர். ஆக நம் எட்டு இலக்கத்தைக் கண்டுபிடிக்க சப்ளையரின் கோடு உதவாது, பொருள் விவரமும் அளவும்தான் உதவும்.

ஆகவே கோட்டுக்கு மூன்று கட்டம் வையுங்கள். முதலாவதில் தாளில் அச்சானது, இடைவெளி புள்ளி உட்பட அப்படியே. இரண்டாவதில் அதன் முதல் ஆறு இலக்கம். மூன்றாவது நம் எட்டு இலக்கம். இந்த மூன்றாவதைப் படம் படிப்பவர் நிரப்ப வேண்டியதில்லை. வகைப்படுத்தத் தெரிந்தவர் இந்தியாவின் சுங்க வரிப் பட்டியலான டேரிஃப்பைப் பார்த்து நிரப்புவார், இறக்குமதியாளர் ஒப்புக்கொள்வார். இங்கே சுய மதிப்பீட்டு முறை என்பதால் கோட்டுக்குப் பொறுப்பு கடைசியில் இறக்குமதியாளருடையது.

இனி படிப்பதில் வரும் தவறுகள். டிராவலரின் 8448 33 மங்கலான படத்தில் 8448 38 என்று தெரியலாம். டேரிஃப்பைத் திறந்து பார்த்தால் அப்படி ஒரு கோடே கிடையாது, உடனே தெரிந்துவிடும். 8448 32 என்றோ 8448 39 என்றோ படித்துவிட்டால்தான் சிக்கல், இரண்டும் உண்மையில் இருக்கும் கோடுகள். முதலாவது நூற்புக்கு முந்திய இயந்திரங்களின் பாகங்களுக்கு, இரண்டாவது மற்ற பாகங்களுக்கு. அதனால் கோடு இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஆறு இலக்கத்துக்கு டேரிஃப்பில் எழுதியுள்ள விவரத்தைப் படித்து, இன்வாய்ஸில் உள்ள பொருளோடு ஒப்பிட வேண்டும். 8448 33-இல் ஸ்பிண்டில், ஃப்ளையர், ஸ்பின்னிங் ரிங், ரிங் டிராவலர் என்று பெயர் சொல்லியே எழுதியிருக்கிறது. ஐயத்துக்கே இடமில்லை.

பெல்ட் வரி இதற்கு இன்னும் நல்ல பயிற்சி. 4010 35-க்கும் 4010 36-க்கும் ஒரே இலக்க வித்தியாசம், படத்தில் 5-உம் 6-உம் குழம்புவது சர்வ சாதாரணம். இரண்டும் பல் வைத்த முடிவிலா ரப்பர் பெல்ட்தான். வெளிச் சுற்றளவு 60 சென்டிமீட்டருக்கு மேல் 150 வரை என்றால் 35, 150-க்கு மேல் 198 வரை என்றால் 36. பெல்ட்டின் பெயரிலேயே விடை இருக்கிறது. 1400-8M-30 என்றால் நீளம் 1,400 மில்லிமீட்டர், பல்லுக்குப் பல் 8 மில்லிமீட்டர், அகலம் 30 மில்லிமீட்டர். நீளம் 140 சென்டிமீட்டர் என்பதால் 35-தான் சரி. அதே வரியில் ரப்பர் என்று எங்கும் எழுதவில்லை என்பதையும் கவனியுங்கள். பாலியூரித்தேன் பெல்ட்டாக இருந்தால் அது பொதுவாகப் பிளாஸ்டிக்கின் 39-ஆம் அத்தியாயத்துக்குப் போகும். கேட்க வேண்டிய கேள்வி அது, எழுதி வையுங்கள்.

விரிதாள் செய்யும் ஒரு குறும்பையும் சொல்லிவிடுகிறேன். கோட்டுக் கட்டத்தை எண்ணாக விட்டுவிட்டால், முந்திரியின் `0801.31` அடித்த உடனே `801.31` ஆகிவிடும், முன்னால் உள்ள சுழியம் போய்விடும். கடைசியில் சுழியம் உள்ள கோடும் அப்படியே: `8482.10` என்பது `8482.1` ஆகும். வேலை தொடங்குமுன் அந்த நெடுவரிசையை டெக்ஸ்ட் என்று மாற்றிவிடுங்கள். அடித்த பிறகு மாற்றினால் போன சுழியம் திரும்பி வராது.

மூன்று எடைகள்

ஒரு விமானச் சரக்கில் குறைந்தது மூன்று எடை எழுதப்பட்டிருக்கும். நிகர எடை பொருளுக்கு மட்டும். மொத்த எடை பெட்டி, பலகை எல்லாம் சேர்த்து. மூன்றாவது சார்ஜபிள் வெயிட், அதாவது விமானக் கம்பெனி பணம் வாங்கும் எடை. இந்த மூன்றாவது உண்மையில் எடையே இல்லை, கட்டணக் கணக்கு.

நம் சரக்கின் நிகர எடை 48 + 8 + 15.6 = 71.6 கிலோ. பேக்கிங் லிஸ்ட்டில் மொத்த எடை `101,300`, அதாவது 101.3 கிலோ. வித்தியாசம் 29.7 கிலோ. 120 × 80 சென்டிமீட்டர் மரப் பலகையே இருபது இருபத்தைந்து கிலோ இருக்கும், மீதி அட்டைப்பெட்டி. நம்பும்படி இருக்கிறது. நிகரத்தைவிட மொத்தம் குறைவாக வந்தாலோ இரண்டும் ஒன்றாகவே இருந்தாலோ ஏதோ ஒன்றை இடம் மாற்றிப் படித்திருக்கிறீர்கள், அல்லது சப்ளையரே ஒரே எண்ணை இரண்டு இடத்தில் போட்டிருக்கிறார்.

விமானச் சரக்குக்கான போக்குவரத்து ஆவணமான ஏர்வே பில்லில் மொத்த எடை 101.5 என்று இருக்கிறது, அரை கிலோவுக்கு ஏற்றிப் போட்டிருக்கிறார்கள். அதற்குப் பக்கத்துக் கட்டத்தில் 120.0 என்று இருக்கிறது. பலகையோடு சேர்த்துச் சரக்கின் அளவு 120 × 80 × 75 சென்டிமீட்டர், பெருக்கினால் 7,20,000. விமானச் சரக்குக்கான வழக்கப்படி 6,000-ஆல் வகுத்தால் 120. உண்மை எடையைவிட இது அதிகம் என்பதால் கட்டணம் 120 கிலோவுக்கு. இந்த 120-ஐ மொத்த எடை என்று ஏற்றுவது புதியவர்களிடம் மிக அடிக்கடி நடக்கும், ஏர்வே பில்லில் இரண்டும் பக்கம் பக்கமாக இருப்பதுதான் காரணம்.

பில் ஆஃப் என்ட்ரியின் தலைப்புப் பகுதியில் போகும் மொத்த எடையும் பெட்டி எண்ணிக்கையும் விமானக் கம்பெனி தாக்கல் செய்த சரக்குப் பட்டியலான ஐஜிஎம்மோடு பொருந்த வேண்டும். அது ஏர்வே பில்லை வைத்துத் தாக்கலாவது. ஆகவே தலைப்புக்கு 101.5. பேக்கிங் லிஸ்ட்டின் 101.3 உங்கள் தாளில் இருக்கட்டும், எந்த ஆவணத்திலிருந்து வந்தது என்ற குறிப்போடு. பொருள் வரியில் எந்த அலகில் அளவு சொல்ல வேண்டும் என்பதை டேரிஃப் சொல்லும், சில கோடுகளுக்குக் கிலோ, சிலவற்றுக்கு எண்ணிக்கை. இதனால்தான் எண்ணிக்கை, நிகர எடை இரண்டையும் ஒவ்வொரு வரியிலும் எடுத்துவைக்கச் சொல்கிறேன். எடை பவுண்டில் இருந்தால் ஒரு பவுண்டு 0.4536 கிலோ. அச்சான கட்டத்தில் பவுண்டு, அடுத்ததில் கிலோ.

ஃப்ரைட்டும் மதிப்பும்

கூட்டிப் பெருக்கிச் சரிபார்க்க முடியாத ஒரே இடம் இதுதான். ஃப்ரைட்டைத் தவறாக எடுத்தாலும் இன்வாய்ஸின் மொத்தம் ஒத்துவரும், எடை ஒத்துவரும், கோடும் ஒத்துவரும். அதனால் இங்கே நிதானமாகப் போக வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது விற்பனை நிபந்தனை. நம் தாளில் எஃப்சிஏ மல்பென்சா. மிலான் பக்கத்திலுள்ள மல்பென்சா விமான நிலையத்தில் கேரியரிடம் ஒப்படைப்பது வரை சப்ளையர் செலவு. அதற்குப் பிறகு விமானக் கட்டணமும் இன்ஷூரன்ஸும் விலைக்குள் இல்லை. ஆகவே 8,825.00 யூரோவை எஃப்ஓபி மதிப்பாக, அதாவது சரக்கை அங்கே ஏற்றுவது வரையான மதிப்பாக வைத்துக்கொண்டு, அந்த இரண்டையும் மேலே சேர்க்க வேண்டும். பேக்கிங்கின் 85.00 யூரோ மதிப்பில் சேர வேண்டியதுதான், இறக்குமதி மதிப்பீட்டு விதிகள் 2007 அதைத் தெளிவாகச் சொல்கின்றன. ஆனால் அதைப் பொருள் விலையோடு கலந்துவிடாமல் தனிச் செலவு வரியாக ஏற்றுங்கள்.

அடுத்து ஃப்ரைட் தொகை. ஏர்வே பில்லில் பார்க்கலாம் என்று திறந்தால் தொகை இருக்க வேண்டிய இடத்தில் `AS AGREED` என்று இருக்கும். சரக்கை அனுப்ப ஏற்பாடு செய்யும் ஃபார்வர்டர்கள் தங்கள் ரேட்டை வெளியே காட்ட விரும்புவதில்லை, அதனால் இது வழக்கம். உடனே ஃப்ரைட் தெரியவில்லை என்று எழுதிவிடாதீர்கள். ஃபார்வர்டரிடம் ஃப்ரைட் சர்டிஃபிகேட் கேட்டால் தருவார்கள். நம் சரக்குக்கு 120 கிலோவுக்கு 3.40 வீதம் 408.00, எரிபொருள், பாதுகாப்பு போன்ற இதர கட்டணம் 72.00, ஆக 480.00 யூரோ என்று வந்ததாக வைத்துக்கொள்வோம்.

கேட்டு வாங்குவதில் பணம் இருக்கிறது. 2007 விதிகளின் 10-ஆம் விதிப்படி, ஃப்ரைட்டை அறிய முடியாவிட்டால் எஃப்ஓபி மதிப்பில் 20 சதவீதத்தை ஃப்ரைட்டாக எடுத்துக்கொள்ள வேண்டும். நம் கணக்கில் அது 1,765.00 யூரோ. உண்மைச் செலவு 480. ஒரு சர்டிஃபிகேட் கேட்காத சோம்பலுக்கு இறக்குமதியாளர் செலவே செய்யாத 1,285 யூரோவுக்கும் சேர்த்து வரி கட்ட நேரும்.

இன்ஷூரன்ஸுக்கும் இதே போல் ஓர் ஏற்பாடு உண்டு. பாலிசி இருந்தால் உண்மைத் தொகை, அறிய முடியாவிட்டால் எஃப்ஓபியில் 1.125 சதவீதம். நமக்கு 8,825.00-இல் 99.28. ஆக மூன்றும் சேர்ந்த மதிப்பு, அதாவது சிஐஎஃப், இப்படி நிற்கிறது:

```
FOB         8825.00
Freight      480.00
Insurance     99.28
CIF         9404.28 EUR
```

பழைய செக்லிஸ்ட் மாதிரிகளில் இதற்கு மேல் 1 சதவீதம் லேண்டிங் சார்ஜ் என்று ஒரு வரி இருப்பதைப் பார்க்கலாம். 2017 செப்டம்பரில் விதி திருத்தப்பட்டபோது அது போய்விட்டது. அந்தக் கோப்பை நகலெடுத்து வேலை தொடங்கினால் அந்த வரியை நீக்கிவிடுங்கள்.

விமானச் சரக்குக்கு மட்டும் உள்ள ஒரு வரம்பையும் தெரிந்துகொள்ளுங்கள். உண்மை ஃப்ரைட் தெரிந்தாலும், மதிப்பில் சேர்ப்பது எஃப்ஓபியின் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1,000 யூரோ பொருளுக்கு 400 யூரோ விமானக் கட்டணம் கொடுத்திருந்தால் சேர்ப்பது 200 மட்டும். இங்கே இரண்டு கட்டப் பழக்கம் கைகொடுக்கும்: அச்சானது 400, கணக்கில் எடுத்தது 200. ஒரே கட்டத்தில் 200 என்று மட்டும் எழுதியிருந்தால் சர்டிஃபிகேட்டோடு ஒப்பிடுபவர் அதைத் தவறு என்று திருத்திவிடுவார். கடல் வழிச் சரக்குக்கு இந்த வரம்பு கிடையாது.

நிபந்தனை மாறினால் கணக்கும் மாறும். எக்ஸ் வொர்க்ஸ் என்றால் விலை சப்ளையரின் தொழிற்சாலை வாசலோடு நிற்கிறது. அங்கிருந்து விமான நிலையம் வரை லாரி வாடகை, அங்குள்ள ஏற்றுமதிச் செலவு இரண்டையும் சேர்த்த பிறகுதான் எஃப்ஓபி வரும். ஃப்ரைட் சர்டிஃபிகேட்டில் இவற்றைத் தனித்தனியாகக் காட்டச் சொல்லுங்கள். மொத்தமாக ஒரே தொகையாக வந்தால் 20 சதவீத வரம்பையும் இன்ஷூரன்ஸையும் எதன்மேல் கணக்கிடுவது என்றே தெரியாது.

சிஐஎஃப் இன்வாய்ஸில் தவறு எதிர்ப்பக்கம் நடக்கும். மொத்தம் 10,000 யூரோ, அதற்குள் ஃப்ரைட் 800, இன்ஷூரன்ஸ் 50 என்று பிரித்துக் காட்டியிருப்பார்கள். பொருள் வரிகளைக் கூட்டினால் 9,150 வரும். புதியவர் இன்வாய்ஸ் மதிப்பு 10,000 என்று எழுதி, ஃப்ரைட் 800 என்றும் எழுதி, இரண்டையும் கூட்டிவிடுவார். ஃப்ரைட் இரண்டு தடவை சேர்ந்துவிட்டது. இதைக் கண்டுபிடிக்க ஒரு கேள்வி போதும்: பொருள் வரிகளின் கூட்டு, தாளின் மொத்தத்தைவிடக் குறைவா? குறைவென்றால் வித்தியாசம் எந்த எந்தச் செலவு என்று பெயர் சொல்ல முடிய வேண்டும். பொருள் வரிகளே 10,000 வரை வந்து, ஃப்ரைட் 800 என்று அடியில் தகவலாக மட்டும் எழுதியிருந்தால், அந்த 800 விலைக்குள் அடங்கியது. எந்த வகையானாலும் சிஐஎஃப் மதிப்பு 10,000-தான். சிஎஃப்ஆர் என்றால் ஃப்ரைட் உள்ளே, இன்ஷூரன்ஸ் வெளியே. எஃப்ஓபியைத் தனியாகப் பிரிக்க முடியாதபோது அந்த மொத்தத்தின்மேல் 1.125 சதவீதம் சேர்க்க வேண்டும்.

ஏர்வே பில்லில் கட்டணம் அனுப்புபவர் கட்டும் ப்ரீபெய்டா, பெறுபவர் கட்டும் கலெக்டா என்பதையும் நிபந்தனையோடு ஒப்பிடுங்கள். எஃப்சிஏ என்றால் பெரும்பாலும் கலெக்ட், சிஐஎஃப் என்றால் ப்ரீபெய்ட். இன்வாய்ஸ் எஃப்சிஏ என்று சொல்லி ஏர்வே பில் ப்ரீபெய்ட் என்று சொன்னால், ஃப்ரைட்டைச் சப்ளையர் கட்டிவிட்டு வேறு இன்வாய்ஸில் வசூலிக்கிறாரா என்று கேட்க வேண்டியிருக்கும். இப்படி இரண்டாவது இன்வாய்ஸ் பின்னால் வருவது நடக்கிற விஷயம்தான்.

ரூபாய்க்கு மாற்றும் வேலையை உங்கள் தாளில் செய்ய வேண்டாம். கஸ்டம்ஸ் அறிவிக்கும் மாற்று விகிதம், பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் தேதியில் உள்ளதுதான் செல்லும். இன்று கூகுளில் பார்த்த ரேட்டுக்கு அங்கே வேலையில்லை. இன்வாய்ஸ் யூரோவிலும் ஃப்ரைட் டாலரிலும் இருந்தால் இரண்டையும் அவற்றின் நாணயத்திலேயே விடுங்கள்.

செக்லிஸ்ட்டை அனுப்பும்போது

தாள் முடிந்ததும் திறந்த கேள்விகளை மேலே தொகுத்து எழுதி இறக்குமதியாளருக்கு அனுப்புங்கள். நம் சரக்கில் கேள்வி மூன்று. பெல்ட் ரப்பரா, பாலியூரித்தேனா? 6200 பேரிங் சாதாரண ரேடியல் வகைதானா? இந்தச் சரக்குக்கு இன்ஷூரன்ஸ் பாலிசி உண்டா? மில்லின் ஸ்டோர்ஸில் இருப்பவருக்கு முதல் இரண்டும் பொருளின் கேட்டலாக்கைப் பார்த்தாலே தெரியும், மூன்றாவதை அக்கவுண்ட்ஸில் கேட்க வேண்டும். பாலிசி இருந்து பிரீமியம் 40 யூரோ என்று பதில் வந்தால், 99.28-ஐ அழித்துவிட்டு 40.00 எழுதுங்கள், ஆதாரக் கட்டத்தில் பாலிசி எண்ணைப் போடுங்கள், சிஐஎஃப் 9,345.00 என்று மாறும்.